ரெஸ்வெரட்ரால்: சோதனைக்குழாயில் நடந்ததும் உடலில் நடப்பதும்

சிவப்புத் திராட்சையின் தோலிலும் வேர்க்கடலையிலும் மிகச் சிறிய அளவில் இருக்கும் பொருள் ரெஸ்வெரட்ரால். பூஞ்சை தாக்கும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பது. இன்று அது 250 மி.கி., 500 மி.கி. மாத்திரைகளாக இணையக் கடைகளில் விற்கிறது. புட்டியின் மேல் திராட்சைக் குலை படம் இருந்தாலும், பெரும்பாலான மாத்திரைகளில் இருப்பது ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடியின் வேரிலிருந்து எடுத்த சரக்கு.

விற்பவர்கள் சொல்லும் செய்தி ஏறக்குறைய எல்லாப் புட்டியிலும் ஒன்றுதான். நம் செல்களில் சர்டுயின் என்ற நொதிகள் இருக்கின்றன. அவை முதுமையைத் தள்ளிப்போடுகின்றன. வயிற்றைக் காயப்போட்டால் அவை விழித்துக்கொள்ளும். ரெஸ்வெரட்ரால் சாப்பிட்டால், வயிற்றைக் காயப்போடாமலே விழித்துக்கொள்ளும். கேட்பதற்கு ஒரே கருத்துபோல இருக்கும் இதற்குள் தனித்தனியாகச் சோதிக்க வேண்டிய மூன்று கூற்றுகள் உள்ளன. ரெஸ்வெரட்ரால் அந்த நொதியைத் தூண்டுகிறதா? அந்த நொதி அதிகமானால் ஆயுள் கூடுகிறதா? வாயில் போட்ட மாத்திரை, வேலை செய்யும் அளவுக்கு உடலுக்குள் போய்ச் சேர்கிறதா? மூன்றையும் கடந்த இருபது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் சோதித்துவிட்டார்கள். விடைகள் புட்டியில் இருப்பதுபோல் இல்லை.

கதை ஈஸ்ட்டில் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லெனர்ட் குவாரென்டேயின் ஆய்வகம், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட் செல்லை வைத்து முதுமையை ஆராய்ந்தது. ஒரு தாய்ச் செல் தன் வாழ்நாளில் சுமார் இருபது, இருபத்தைந்து முறை மொட்டுவிட்டுச் சேய்ச் செல்களைப் பெறும். நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் ஒவ்வொரு சேயையும் விலக்கி எண்ணிக்கொண்டே வந்தால் தாயின் ஆயுள் தெரியும். 1999இல் இந்த ஆய்வகத்தைச் சேர்ந்த மேட் கேபர்லைனும் கூட்டாளிகளும், சர்-2 என்ற மரபணுவின் பிரதி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் ஈஸ்ட்டின் ஆயுள் சுமார் 30 சதவிகிதம் நீள்கிறது என்று கண்டார்கள். அடுத்த ஆண்டு ஷின்-இச்சிரோ இமாய் அந்த மரபணு உண்டாக்கும் நொதியின் வேலையைக் கண்டுபிடித்தார். புரதங்களின் மேல் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நொதி அதைக் கழற்றிவிடுகிறது. கழற்றும் ஒவ்வொரு முறையும் என்ஏடி என்ற மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கிறது. உணவிலிருந்து சக்தி எடுக்கும் வேலையில் அதே என்ஏடிதான் ஈடுபடுகிறது. ஆகவே உணவு குறைவதற்கும் ஆயுள் நீள்வதற்கும் நடுவில் நிற்கும் கண்ணி இதுதான் என்ற எண்ணம் பிறந்தது. 2001இல் உருளைப்புழுவிலும் 2004இல் பழ ஈயிலும் இதே மரபணு ஆயுளைக் கூட்டுகிறது என்று செய்திகள் வந்தன. மனிதனில் இதற்கு நெருங்கிய உறவான நொதிக்கு சர்ட்-1 என்று பெயர்.

குவாரென்டேயின் ஆய்வகத்தில் பயின்ற இன்னொருவர் டேவிட் சின்கிளேர். ஹார்வர்டில் தனி ஆய்வகம் தொடங்கிய அவர், பயோமோல் நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2003இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சர்ட்-1ஐத் தூண்டும் சிறு மூலக்கூறுகளைத் தேடியதில் முதலிடம் பெற்றது ரெஸ்வெரட்ரால். நொதியின் வேகம் பல மடங்கு கூடியது. ஈஸ்ட்டின் ஆயுள் 70 சதவிகிதம் நீண்டது. இன்று விற்கும் மாத்திரைகளுக்கெல்லாம் வேர் இந்தக் கட்டுரை. அதனால் அந்தச் சோதனை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நொதி அசிட்டைலைக் கழற்றுவது கண்ணுக்குத் தெரியாது. அதை ஒளியாக மாற்றிக் காட்ட ஒரு வழி செய்திருந்தார்கள். பி-53 என்ற புரதத்திலிருந்து நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கை எடுத்துக்கொள்வது. அதன் கடைசியில் உள்ள லைசினில் அசிட்டைல் இருக்கும். அந்த லைசினை ஒட்டியே ஒளிரும் சாயம் ஒன்றைச் செயற்கையாகப் பிணைப்பது. குழாயில் இந்தத் துணுக்கு, சர்ட்-1, என்ஏடி, சோதிக்க வேண்டிய பொருள் எல்லாவற்றையும் கலந்து சிறிது நேரம் வைப்பார்கள். பிறகு டிரிப்சினைச் சேர்ப்பார்கள். அசிட்டைல் கழன்ற லைசினை மட்டுமே டிரிப்சின் வெட்டும். வெட்டுப்பட்டால் சாயம் விடுபட்டுப் பளிச்சென்று ஒளிரும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு நொதி வேலை நடந்திருக்கிறது என்பது கணக்கு. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதிக்கும் வசதியான முறை. மருந்து தேடும் ஆய்வகங்கள் எங்கும் இத்தகைய முறைகளைத்தான் பயன்படுத்துகின்றன.

அந்தச் சாயம் நம் உடலில் எந்தப் புரதத்திலும் இல்லை. அப்படியானால் சாயம் இல்லாத துணுக்கிலும் ரெஸ்வெரட்ரால் நொதியைத் தூண்ட வேண்டும் அல்லவா? 2005இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைச் செய்து பார்த்தன. ஒன்று விஸ்கான்சினில் ஜான் டெனுவின் குழு; மற்றொன்றில் இருந்தவர், முதலில் ஈஸ்ட்டின் ஆயுளை நீட்டிக் காட்டிய அதே கேபர்லைன். சாயத்தை எடுத்துவிட்டு, கழன்ற அசிட்டைலை வேறு வேதி முறைகளால் அளந்தபோது தூண்டலைக் காணவில்லை. சாயத்தை மறுபடி ஒட்டினால் தூண்டல் திரும்பி வந்தது. ஈஸ்ட்டின் ஆயுளையும் கேபர்லைன் குழு வெவ்வேறு வகை ஈஸ்ட்களில் அளந்து பார்த்தது. ரெஸ்வெரட்ரால் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை.

தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் எந்தச் சரக்கை வைத்தாலும் எடை கூடத்தான் காட்டும். இங்கே யாரும் ஏமாற்றுவதற்காக ஒட்டவில்லை; அளப்பதற்காக ஒட்டிய சாயமே அளவை மாற்றிவிட்டது. சாயம் ஒட்டிய துணுக்கை நொதி சாதாரணமாகச் சரியாகப் பற்றுவதில்லை. ரெஸ்வெரட்ரால் நடுவில் வந்து அந்தப் பிடியை இறுக்குகிறது. மற்றத் துணுக்குகளுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை.

இதற்குள் பணம் களத்தில் இறங்கியிருந்தது. சின்கிளேரும் கிறிஸ்டோஃப் வெஸ்ட்ஃபாலும் 2004இல் தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை, கிளாக்சோஸ்மித்கிளைன் 2008இல் 72 கோடி டாலருக்கு வாங்கியது. ரெஸ்வெரட்ராலைவிட ஆயிரம் மடங்கு வலுவானவை என்று சொல்லப்பட்ட புதிய மூலக்கூறுகளை அந்நிறுவனம் தயாரித்திருந்தது. 2010இல் ஃபைசர் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அவற்றையும் ரெஸ்வெரட்ராலையும் முழு நீளப் புரதங்களை வைத்துச் சோதித்து, இவை எதுவும் சர்ட்-1ஐ நேரடியாகத் தூண்டுவதில்லை என்று எழுதினார்கள். போட்டி நிறுவனம் அப்படித்தான் சொல்லும் என்று இதை ஒதுக்க முடியாது. ஏனென்றால் ஆம்ஜென் நிறுவனமும் ரெஸ்வெரட்ரால் விஷயத்தில் அதற்கு முன்பே இதே முடிவுக்கு வந்திருந்தது.

சின்கிளேர் பக்கத்தின் பதில் 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது. அது கவனமான பதில். சாயம் ஒரு பெரிய, எண்ணெய்த்தன்மை கொண்ட மூலக்கூறு. உடலின் சில புரதங்களில் லைசினுக்குப் பக்கத்தில் அதேபோலப் பெரிய, எண்ணெய்த்தன்மை உள்ள அமினோ அமிலங்கள் இயற்கையாகவே உள்ளன. அங்கே சாயம் இல்லாமலும் தூண்டல் நடக்கிறது என்று காட்டினார்கள். நொதியில் 230ஆம் இடத்திலுள்ள ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் தூண்டல் நின்றுபோகிறது என்பதும் அதில் இருந்தது. ஆகவே முதல் கேள்விக்கு விடை வெறும் ‘இல்லை’ அன்று. சில புரதத் துணுக்குகளின் விஷயத்தில், போதிய அளவு மருந்து இருந்தால், ஓரளவு தூண்டல் நடக்கலாம். 2003இல் உலகம் கேட்ட செய்திக்கும் இதற்கும் தூரம் அதிகம். கிளாக்சோ அந்த ஆண்டிலேயே சர்ட்ரிஸின் தனி அலுவலகத்தை மூடிவிட்டது.

இரண்டாவது கேள்வி, நொதி கூடினால் ஆயுள் கூடுமா என்பது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் டேவிட் ஜெம்ஸும் லிண்டா பார்ட்ரிட்ஜும் நீண்ட ஆயுள் பெற்றதாகச் சொல்லப்பட்ட அதே புழுக்களையும் ஈக்களையும் வாங்கி மறுபடி சோதித்தார்கள். மரபணு ஆய்வில் அடிப்படையான ஒரு சரிபார்ப்பு உண்டு. கூடுதல் மரபணு பெற்ற புழுவைச் சாதாரணப் புழுவோடு பல தலைமுறை கலக்க வேண்டும். அப்போது கூடுதல் மரபணுவைத் தவிர மற்றெல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றாகிவிடும். அப்படிக் கலந்த பிறகு அவர்களுடைய புழுவின் கூடுதல் ஆயுள் மறைந்தது. அந்தப் புழுக்களில், நரம்பு செல்களைப் பாதிக்கும் வேறொரு மரபணுப் பிழை கூடவே ஒட்டிவந்திருந்தது. ஆயுளை நீட்டியது அது. ஈயிலும், தகுந்த ஒப்பீட்டு ஈக்களை வைத்தபோது பலன் தெரியவில்லை. இது 2011இல் வெளியானது. குவாரென்டேயின் ஆய்வகமும் தன் புழுக்களைச் சுத்தப்படுத்தி மறுபடி அளந்து, பலன் இருக்கிறது, ஆனால் முன்பு சொன்ன 50 சதவிகிதம் அல்ல, 10 முதல் 14 சதவிகிதம் வரைதான் என்று அதே ஆண்டில் எழுதியது. தன் ஆய்வகத்தின் புகழ்பெற்ற எண்ணைத் தானே இறக்கி எழுதுவது எளிதல்ல; அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

பாலூட்டிகளில் நிலைமை இன்னும் கலவையானது. ஸ்பெயினில் உடலெங்கும் சர்ட்-1 கூடுதலாக உள்ள எலிகளை வளர்த்தார்கள். முதுமையில் அவற்றின் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது, சில புற்றுநோய்கள் குறைந்தன. ஆயுள் மட்டும் நீளவில்லை. மூளையில் மட்டும் கூட்டியபோதும், சர்ட்-6 என்ற வேறொரு உறவு நொதியை ஆண் எலிகளில் கூட்டியபோதும் ஆயுள் நீண்டதாக ஆய்வுகள் உண்டு. ஆக, சர்டுயின்கள் உடலில் முக்கியமான வேலை செய்பவை என்பதில் ஐயமில்லை.

செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வந்தது 2006ஆம் ஆண்டின் எலிச் சோதனை. அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த எலிகள் என்ன சாப்பிட்டன என்பதைச் சொல்வதில்லை. ஒரு வயதான, அதாவது நடுவயது ஆண் எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குச் சாதாரணத் தீனி. இரண்டாவதற்கு, கலோரியில் 60 சதவிகிதம் கொழுப்பிலிருந்து வரும்படி, தேங்காய் எண்ணெயை வேதிமுறையில் கெட்டியாக்கிச் சேர்த்த தீனி. மூன்றாவதற்கு அதே கொழுப்புத் தீனியோடு, எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 22 மி.கி. ரெஸ்வெரட்ரால். 114 வாரம் ஆனபோது வெறும் கொழுப்புத் தீனிக் கூட்டத்தில் 58 சதவிகிதம் இறந்திருந்தன. ரெஸ்வெரட்ரால் சேர்த்த கூட்டத்தில் 42 சதவிகிதம். ஏறக்குறைய சாதாரணத் தீனிக் கூட்டத்தின் அளவு. உடல் எடை குறையவில்லை, ஆனால் ஈரல் வீங்கவில்லை, இன்சுலின் நன்றாக வேலை செய்தது.

இது உண்மையான, கவனிக்கத்தக்க முடிவு. ஆனால் அது சொல்வது, கொழுப்பால் சீர்கெட்ட எலியை ரெஸ்வெரட்ரால் சாதாரண எலியின் நிலைக்குக் கொண்டுவந்தது என்பதுதான். சாதாரண எலியை அது சாதாரணத்தைத் தாண்டி வாழவைக்குமா என்பதை அந்தச் சோதனை தொடவே இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, சின்கிளேரும் பங்கேற்ற ஒரு பெரிய குழு அதைச் சோதித்தது. சாதாரணத் தீனியோடு ரெஸ்வெரட்ரால் தின்ற எலிகளுக்குக் கண்புரை குறைந்தது, எலும்பு உறுதியாக இருந்தது, ரத்தக்குழாய்கள் மேலாக இருந்தன. ஆயுள் நீளவில்லை. விளம்பரங்கள் 2006ஐச் சொல்கின்றன, 2008ஐச் சொல்வதில்லை.

இதைவிடக் கடுமையான சோதனையும் உண்டு. ஆயுளை நீட்டும் என்று சொல்லப்படும் பொருள்களைச் சோதிப்பதற்கென்றே அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் ஒரு திட்டத்தை நடத்துகிறது. மெய்ன், மிச்சிகன், டெக்சஸ் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் ஒரே சோதனை நடக்கும். ஓர் ஆய்வகத்தின் காற்று, தீனி, வளர்ப்புமுறை முடிவைத் திரிக்க முடியாது. எலிகளும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. நான்கு வம்சங்களைக் கலந்து, ஒவ்வொன்றும் மரபணுவில் வேறுபடும்படி வளர்த்தவை. ஆண், பெண் இரண்டும் உண்டு. இங்கே ரெஸ்வெரட்ராலை நான்காம் மாதத்திலிருந்து கொடுத்தும் பார்த்தார்கள். ஒரு வயதிலிருந்து இரண்டு அளவுகளில் கொடுத்தும் பார்த்தார்கள். எதிலும் ஆயுள் கூடவில்லை. சோதனைமுறையே மந்தமானது, எதையும் கண்டுபிடிக்காது என்றும் சொல்ல முடியாது. இதே திட்டம், இதே எலிவகைகளில், ராபமைசின் என்ற மருந்தை 600 நாள் வயதான கிழட்டு எலிகளுக்குத் தொடங்கிக் கொடுத்தபோதுகூட ஆயுள் பெண் எலிகளில் 14 சதவிகிதமும் ஆண் எலிகளில் 9 சதவிகிதமும் நீண்டதைத் தெளிவாகப் பிடித்துக்காட்டியது.

மூன்றாவது கேள்வி அளவு பற்றியது. சோதனைக்குழாயில் சர்ட்-1 தூண்டப்பட, லிட்டருக்குச் சுமார் 2 மி.கி. அல்லது அதற்கு மேல் ரெஸ்வெரட்ரால் தேவைப்பட்டது. மனிதர்களுக்கு 25 மி.கி. வாய்வழி கொடுத்து அளந்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. ஆனால் மாறாத ரெஸ்வெரட்ராலாக ரத்தத்தில் இருந்தது லிட்டருக்கு 0.005 மி.கி.க்கும் குறைவு. தேவைப்பட்டதில் நானூற்றில் ஒரு பங்குகூட இல்லை. குடலும் ஈரலும் அதன்மேல் சல்ஃபேட்டையும் குளுக்குரோனிக் அமிலத்தையும் ஒட்டிச் சிறுநீருக்கு அனுப்பிவிடுகின்றன. அப்படி மாறிய வடிவங்கள் செல்லுக்குள் போய் மறுபடி பழைய வடிவம் பெறலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதை முழுதாக மறுப்பதற்கில்லை.

சிவப்பு ஒயின் குடித்தால் போதும் என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்கவே நிற்காது. ஒரு லிட்டர் ஒயினில் சராசரியாக 2 மி.கி. அளவுக்குத்தான் ரெஸ்வெரட்ரால் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு எலிகளுக்குக் கொடுத்த அளவை, உடல் பரப்பை வைத்து மனிதருக்கு மாற்றும் வழக்கமான முறையில் கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 107 மி.கி. வரும். அதற்கு ஐம்பது லிட்டருக்கும் மேல் ஒயின் வேண்டும். இத்தாலியில், ஒயினுக்குப் பேர்போன கியாந்தி பகுதியின் இரண்டு ஊர்களில் 65 வயதைக் கடந்த 783 பேரின் சிறுநீரை ஆராய்ந்து, உணவின் வழியாக யாருக்கு எவ்வளவு ரெஸ்வெரட்ரால் சேர்கிறது என்று அளந்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் 268 பேர் இறந்தார்கள். அதிகம் உட்கொண்டவர்களுக்கும் குறைவாக உட்கொண்டவர்களுக்கும் மரணத்திலோ இதயநோயிலோ புற்றுநோயிலோ வேறுபாடு இல்லை. உணவில் கிடைக்கும் சிறு அளவைப் பற்றித்தான் இது பேசுகிறது. மாத்திரையின் பெரிய அளவுக்கு வேறு சோதனைகளைப் பார்க்க வேண்டும்.

மாத்திரையாகக் கொடுத்த மனிதச் சோதனைகள் பலவும் சிறியவை, குறுகியவை, ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. நெதர்லாந்தில் பருமனான 11 ஆண்களுக்கு நாளுக்கு 150 மி.கி. வீதம் 30 நாள் கொடுத்தபோது ரத்த அழுத்தமும் ஈரல் கொழுப்பும் சற்றுக் குறைந்தன. டென்மார்க்கில் பருமனான 24 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு அதைப்போலப் பத்து மடங்கு, 1,500 மி.கி., நான்கு வாரம் கொடுத்தபோது எதுவும் மாறவில்லை. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற, பருமனில்லாத பெண்களுக்கு 12 வாரம் கொடுத்தும் மாற்றமில்லை. மனிதரில் ஆயுளையே அளந்த சோதனை ஒன்றும் கிடையாது. அதற்குப் பல்லாயிரம் பேரும் பல பத்தாண்டுகளும் வேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது டென்மார்க்கில் 2013இல் வந்த மற்றொரு சோதனை. 65 வயதை ஒட்டிய 27 ஆண்கள், எட்டு வாரம் கடுமையான உடற்பயிற்சி செய்தார்கள். பாதிப்பேருக்கு நாளுக்கு 250 மி.கி. ரெஸ்வெரட்ரால், மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. பயிற்சியால் எல்லோருக்கும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியது. ஆனால் போலி மாத்திரை உண்டவர்களுக்குக் கூடியது, ரெஸ்வெரட்ரால் உண்டவர்களைவிட 45 சதவிகிதம் அதிகம். ரத்த அழுத்தத்திலும் கெட்ட கொழுப்பிலும் பயிற்சி தந்த நன்மையை ரெஸ்வெரட்ரால் மழுங்கடித்தது. பயிற்சியின்போது தசையில் உண்டாகும் சிறு ஆக்சிஜனேற்ற அழுத்தமே உடலைப் பலப்படுத்தும் சைகை. அதை அணைத்தால் பலனும் போகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இளமைக்காக நடைப்பயிற்சிக்கும் போய், இளமைக்காக மாத்திரையும் போடுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பெரிய அளவுகளில் ஆபத்தும் உண்டு. சர்ட்ரிஸின் ரெஸ்வெரட்ரால் மருந்தை நாளுக்கு 5 கிராம் வீதம் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்த சோதனை, சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததால் 2010இல் நிறுத்தப்பட்டது. அந்த நோயே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. மருந்தால் வந்த வாந்தியும் உடல் வறட்சியும் அதைக் கூட்டியிருக்கலாம்.

கடையில் வாங்கும் அளவிலேயே கவனிக்க வேண்டியது வேறொன்று. நாளுக்கு 1 கிராம் வீதம் நான்கு வாரம் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், மற்ற மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதிகள் சிலவற்றின் வேகம் குறைந்தது. அவற்றில் ஒன்று வார்ஃபரினைச் சிதைப்பது. இதய வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இந்த மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் வார்ஃபரின் உடலில் தங்கி, ரத்தக்கசிவு ஏற்பட வாய்ப்பிருக்கிறது. மருத்துவர் ‘என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்கும்போது, சத்து மாத்திரைதானே என்று இதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. பிராந்தின் பெயரையும் மி.கி. அளவையும் சொல்லுங்கள், முடிந்தால் புட்டியையே எடுத்துக்கொண்டு போங்கள்.